மண்டபக்காரர்களே, பாட்டிலுக்கு முன்னால் மீ ஹூன் வையுங்கள்

கோலாலம்பூர் திருமண மண்டபங்களை நடத்துபவர்களுக்கும் சமையல் குத்தகை எடுப்பவர்களுக்கும் வணக்கம்.

டின்னரில் மது வேண்டுமா வேண்டாமா என்பது வீட்டுக்காரர்கள் பாடு. நான் கேட்பது பரிமாறும் வரிசையைப் பற்றி. அழைப்பிதழில் ஏழு மணி. ஏழரைக்கெல்லாம் விஸ்கியும் சோடாவும் ஐஸ் வாளியும் மேசைக்கு வந்துவிடுகின்றன. மணமக்கள் வந்து, கேக் வெட்டி, பேச்செல்லாம் முடிந்து சாப்பாடு வர ஒன்பதரை ஆகிறது. மத்தியானம் அரைவயிறு சாப்பிட்டு, ஜாலான் ஈப்போ நெரிசலைக் கடந்து வந்தவர் அதற்குள் மூன்று கிளாஸ் முடித்திருப்பார்.

மதுவில் கொஞ்சம்தான் இரைப்பையில் உறிஞ்சப்படும்; பெரும்பகுதி சிறுகுடலுக்குப் போன பிறகே வேகமாக ரத்தத்தில் கலக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு தசை வாசல் இருக்கிறது. உள்ளே சோறும் கறியும் இருந்தால், அவை கூழாகும் வரை அந்த வாசல் சிறுகச் சிறுகத்தான் விடும். கூடவே மதுவும் காத்துக் கிடக்கும். வருவது கொஞ்சம் கொஞ்சமாக என்பதால் கல்லீரலும் ஓரளவு சமாளிக்கும். வெறும் வயிற்றில் இந்தத் தடை இல்லை. அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் ரத்தத்தில் அளவு உச்சத்துக்குப் போய்விடும். சாப்பாட்டுக்குப் பிறகு அதே அளவு மதுவைக் குடித்தால் உச்சம் தாழ்வாகவும் தாமதமாகவும் வரும்.

சோடாவின் வாயு இரைப்பையை உப்பவைத்து, உள்ளிருப்பதைச் சீக்கிரம் கீழே தள்ளுகிறது என்று கருதப்படுகிறது. எல்லோருக்கும் அப்படியில்லை. 2007-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் சோதனையில், வோட்காவைச் சோடா நீரில் கலந்து குடித்த 21 பேரில் 14 பேருக்கு அது வேகமாக ஏறியது. மற்றவர்களுக்கு அந்த வேகம் இல்லை. இனிப்புக்கும் பங்குண்டு. சர்க்கரை இரைப்பையை மந்தப்படுத்தும். 2006-இல் ஆஸ்திரேலியாவில் சோதித்தபோது, டயட் பானம் கலந்த வோட்காவில் பாதி இரைப்பையைவிட்டு இறங்க 21 நிமிடம் ஆனது. சர்க்கரை பானம் கலந்ததற்கு 36 நிமிடம். நீரிழிவுக்குப் பயந்து டயட் கோலா ஊற்றிக்கொள்ளும் மாமாக்கள், அன்று மட்டும் ஏன் இவ்வளவு சத்தமாகப் பாடுகிறார்கள் என்று யாரும் யோசிப்பதில்லை!

ஒன்பதரைக்கு வரும் பிரியாணி, ரத்தத்தில் ஏற்கெனவே கலந்ததைத் திரும்ப எடுக்காது. இரைப்பையில் மிச்சமிருப்பதை மட்டுமே தாமதப்படுத்தும்.

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. நன்றாகச் சாப்பிட்டுக் குடித்தவருக்கு உச்சம் தள்ளிப்போகும். “எனக்கு ஒன்றும் ஏறலையே” என்று சாவியை எடுக்கும்போதும் அளவு கூடிக்கொண்டிருக்கலாம். 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இங்கே ஓட்டுநருக்கு வரம்பு 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராம், முன்பு 80. ஆகவே வாசலில் கிராப் காருக்கு இடம் விடுங்கள்.

சமையல்காரர் “முன்கூட்டியே வைத்தால் எல்லாம் ஆறிவிடும்” என்பார். முழு விருந்தையும் கேட்கவில்லை. பாட்டில் திறக்கும் முன் மேசைக்கு ஒரு தட்டு மீ ஹூன், வடை, கோழி வறுவல், கூடவே ஒரு ஜாடி சாதாத் தண்ணீர். கிண்ணத்தில் நாலு கச்சானை வைத்துவிட்டு அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.