ஜகாத் பாடத்தில் ஒரு கணக்கை முழுசாகப் போட்டுக் காட்டுங்கள்

பள்ளிவாசல் நிர்வாகக் குழுவினருக்கும், பெரியவர்கள் வகுப்பை நடத்தும் உஸ்தாத் அவர்களுக்கும், அஸ்ஸலாமு அலைக்கும்.

ஜகாத் பாடத்தில் இரண்டரை சதவீதம் என்று சொன்னீர்கள், தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனத்தில் வரும் எட்டு வகையினரையும் சொன்னீர்கள். ஆனால் வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டது ஒரே கேள்விதான்: எதில் இரண்டரை சதவீதம்? சம்பளத்திலா, லாபத்திலா, கடையில் கிடக்கும் சரக்கிலா? அதனால் அடுத்த வகுப்பில் ஒரு வியாபாரியின் கணக்கைப் பலகையில் முதலிலிருந்து கடைசிவரை போட்டுக் காட்ட வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் தேதி. ஒருவரிடம் நிஸாப் அளவு, அதாவது சுமார் 85 கிராம் தங்கத்தின் அல்லது 595 கிராம் வெள்ளியின் மதிப்பு, சேர்ந்த நாளிலிருந்து பிறைக் கணக்கில் ஒரு வருடம் ஓட வேண்டும். அது ரமலானில்தான் முடியும் என்று இல்லை. ஆங்கிலத் தேதியைப் பிடித்துக்கொண்டு கொடுப்பவருக்கு வருடத்துக்குப் பதினோரு நாள் போல தள்ளிக்கொண்டே போய், ஏறக்குறைய 33 வருடத்தில் ஒரு வருட ஜகாத்தே விடுபட்டுவிடும். இதை அழுத்திச் சொல்லுங்கள், பலருக்குத் தெரியவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். அந்த நாளில் வியாபாரியிடம் ரொக்கமும் வங்கி இருப்பும் சேர்த்து 80,000 இருக்கிறது. விற்பதற்கு வைத்திருக்கும் சரக்கு அன்றைய சந்தை விலையில் 2,40,000. வாங்கிய விலை இங்கே பேச்சில்லை. வெளியிலிருந்து நிச்சயமாக வரவேண்டிய பணம் 40,000. ஆக 3,60,000. நிஸாப் அன்றைக்கு இதைவிடக் குறைவு என்று வைத்துக்கொள்வோம். அலமாரி, தராசு, சரக்கு ஏற்றும் வண்டி, குடியிருக்கும் வீடு எதுவும் இதில் வராது, அவை விற்பனைக்கு இல்லை. மொத்த வியாபாரிக்கு இப்போது கட்டவேண்டிய 60,000 பாக்கியை ஹனஃபி மத்ஹபின்படி கழித்தால் 3,00,000, அதில் நாற்பதில் ஒரு பங்கு 7,500. ஷாஃபி மத்ஹபின் வலுவான கருத்துப்படி கடனைக் கழிப்பதில்லை, அப்போது 9,000. இரண்டு மத்ஹபினரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுங்கள். பெண்கள் அணியும் நகையிலும் இதே மாதிரி வித்தியாசம் உண்டு: ஹனஃபியில் ஜகாத் உண்டு, ஷாஃபியில் வழக்கமான அளவுக்கு அணிந்துகொள்ளும் நகைக்கு இல்லை.

இப்போது அந்த 40,000க்குத் திரும்ப வாருங்கள், அதிகம் தவறு நடப்பது அங்கேதான். கடன் வாங்கியவர்களில் ஒருவர் உண்மையிலேயே ஏழை, அவர் தரவேண்டியது 5,000. "சரி, அதைத் தள்ளுபடி செய்துவிட்டேன், அதுவே என் ஜகாத்" என்று வியாபாரி சொல்லிவிடுகிறார். பெரும்பாலான அறிஞர்களிடம் இது ஜகாத்தாக நிறைவேறாது. ஜகாத் ஏழையின் கைக்குப் போய் அவருடைய சொத்தாக ஆகவேண்டும், இங்கே எதுவும் அவர் கைக்குப் போகவே இல்லை, வராத பாக்கியை வைத்து வியாபாரி தன் கடமையைக் கழித்துக்கொண்டார், அவ்வளவுதான். அவரிடம் 5,000ஐக் கொடுத்துவிட வேண்டும். பிறகு அவராக விரும்பி அதில் கடனை அடைத்தால் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் "திருப்பித் தரணும்" என்று முன்கூட்டியே நிபந்தனை போடக்கூடாது. அரிசி வாங்குவதா மருந்து வாங்குவதா கடனைக் கட்டுவதா என்பது அவர் முடிவு.

ஜகாத்தின் நோக்கமும் இங்கேதான் புரிகிறது. முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது நபி (ஸல்) அவர்கள் சொன்னது, அவர்களின் செல்வந்தர்களிடமிருந்து எடுத்து அவர்களின் ஏழைகளுக்குக் கொடுக்கப்படும் என்பதுதான். பணம் கைமாற வேண்டும். பள்ளிவாசல் கட்டடத்துக்கு ஜகாத் பணத்தைச் செலவிடக்கூடாது என்று பெரும்பாலானோர் சொல்வதும் இதனால்தான், அங்கே வாங்கிக்கொள்ள ஒரு ஆள் இல்லை. நம் கட்டட நிதிப் பெட்டியின் மேல் இதை எழுதி ஒட்டிவிட்டால் நல்லது.

யாருக்கு என்பதில் எட்டு வகையையும் ஒப்பிப்பதைவிட, வீட்டுக்குள் எழும் கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் தந்தைக்கும் பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் நம் செலவிலேயே பார்க்க வேண்டியிருப்பதால் ஜகாத்தில் கொடுக்க முடியாது. கஷ்டத்தில் இருக்கும் அக்கா, தம்பி, மாமிக்குக் கொடுக்கலாம், அதில் தர்மத்தின் கூலியோடு உறவைப் பேணிய கூலியும் சேருகிறது. சொந்த வீடு இருந்தும் கடனில் மூழ்கியவர் கடனாளி வகையில் வரலாம், வீட்டைப் பார்த்து அவரை ஒதுக்கிவிடக்கூடாது. அப்புறம், கொடுக்கும்போது "இது ஜகாத்" என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியதில்லை, கொடுப்பவரின் நிய்யத் போதும். கூச்சப்பட்டு வாங்காமல் இருக்கும் குடும்பங்களுக்காக இதை மட்டும் இரண்டு தடவை சொல்லுங்கள், உஸ்தாத்.