காபியால் போதை இறங்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

இரவு மது அருந்தியவர், விடிந்ததும் கடுங்காபி குடித்துத் தலையில் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டால் வண்டி ஓட்டலாம் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் ஆல்கஹாலில் பெரும்பகுதியைக் கல்லீரலின் நொதிகளே சிதைக்கின்றன. ஆளுக்கு ஆள் சற்று மாறினாலும், 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறையும். நள்ளிரவில் 150 மில்லிகிராம் இருந்தவருக்குக் காலை 6 மணிக்கும் ஏறத்தாழ 60 மில்லிகிராம் மிஞ்சியிருக்கும். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் வரம்போ 30 மில்லிகிராம். காபி தூக்கக் கலக்கத்தை மட்டும் விரட்டுவதால், நிதானம் திரும்பாமலே தெளிந்துவிட்டதாக அவர் எண்ணிக்கொள்கிறார். படுத்துக் கிடப்பவரைவிட இவரே ஆபத்தானவர் என்பேன். குளிர்ந்த நீர் உடலைச் சிலிர்க்க வைக்குமே தவிர, கல்லீரலை அவசரப்படுத்தாது. இவருக்கு மது முழுதும் நீங்கக் காலை 10 மணியாகிவிடும்.

– வாசகர், மதுரை