ஆண்டறிக்கை 2024–25: நடுகல் வாசித்த ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் மன்றத்தின் மூத்த உறுப்பினர்களுக்கும், புதிதாகச் சேர்ந்த இளையவர்களுக்கும் வணக்கம்.

ஆண்டு முழுவதும் ஒரே பொருளை எடுத்துக்கொண்டு வாசிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். செங்கம் வட்டாரத்தில் வாழும் நமக்கு அது நடுகல்லாகத்தான் இருக்க முடியும். மாதம் ஒரு ஞாயிறு மாலை கூடினோம். மழையால் இரண்டு கூட்டங்கள் தடைப்பட்டன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார் என்பதால், நாம் படித்த கற்களைப் பற்றியே இந்த அறிக்கையில் சொல்கிறேன்.

முதலில் வாசித்தது புலிமான்கோம்பைக் கல். தேனி மாவட்டத்தில் வைகைக் கரையில் இருக்கிறது அந்த ஊர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2006இல் அங்கே தமிழ் பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் ஒன்றில் உள்ள வாசகம் இவ்வளவுதான்: ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்.’ கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்த பேடு தீயன் அந்தவனின் கல் என்று பொருள் கொள்கிறார்கள். ஆகோள் என்றால் ஆநிரை கவர்தல். தொல்காப்பியம் வெட்சித் திணையில் சொல்லும் அதே சொல், கல் ஒன்றில் அப்படியே நிற்கிறது.

இந்த வாசகத்தை அன்று கரும்பலகையில் எழுதிவிட்டு, எதெல்லாம் அதில் இல்லை என்று கேட்டேன். அரசன் பெயர் இல்லை என்றார் ஒருவர். வீரன் உருவம் இல்லை, வென்றானா தோற்றானா என்பதும் இல்லை என்றார்கள் மற்றவர்கள். மாடு கவரப் போனவனா, மீட்கப் போனவனா என்றுகூடக் கல் நின்று விளக்கவில்லை. ஆள் யார், எந்த ஊர்ப் பூசல் என்ற இரண்டு செய்திகள் போதும் என்று கல் நட்டவர்கள் நினைத்திருக்கிறார்கள். பின்னாளில் நம் பக்கத்துக் கற்களில் ‘தொறுக்கொண்டு பட்டான்’ என்றும் ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்றும் இரண்டு வகையாகவும் எழுத்து வருகிறது. தொறு என்பது மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான். கவர்ந்தவனுக்கும் கல் உண்டு, மீட்டவனுக்கும் உண்டு. எந்தப் பக்கம் நின்றான் என்பது வேறு கணக்கு. நின்ற இடத்தை விட்டு ஓடாமல் விழுந்தானா என்பதுதான் கல்லுக்குக் கணக்கு என்று நான் புரிந்துகொள்கிறேன். ‘நல்லமர்க் கடந்த நாணுடை மறவர் பெயரும் பீடும் எழுதி’ என்கிறது அகநானூறு. அந்த ‘நாணுடை’ என்ற சொல்லை நம் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினோம். மானம் என்று நாம் இன்று சொல்வதை அவர்கள் நாண் என்ற பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள்: புறமுதுகு காட்டிவிட்டு ஊர் முகத்தில் விழிக்கக் கூசுகிறவன்தான் அவர்களுக்கு மறவன்.

ஆடி மாதக் கூட்டத்தில் எடுத்தனூர்க் கல்லின் படத்தை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தோம். இந்த ஆண்டில் என் மனத்தை விட்டு அகலாத கல் இதுதான். மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சி ஆண்டில், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நட்டது, வட்டெழுத்தில் எழுதியது. ‘கோவிசைய மயிந்திர பருமற்கு’ என்று பேரரசனில் தொடங்கி, வாணகோ அரைசர் என்ற குறுநில மன்னருக்கு இறங்கி, அவர் மருமக்கள் பொற்றொக்கையாருக்கு வந்து, அவருடைய இளமகன், அதாவது சேவகன், கருந்தேவக்கத்தி என்பவனிடம் வந்து நிற்கிறது வாசகம். அவன் தன் எருமைகளின் அருகே நின்று பட்டான் என்று முடிகிறது. இங்கே பேரரசன் ஆண்டு குறிப்பதற்கு மட்டும்தான் வருகிறான். அத்தனை பெரிய பெயர்களும் படிக்கட்டுகளாகி, எருமை காத்த ஒரு சேவகனின் பெயரை மேலே ஏற்றி வைக்கின்றன.

அதோடு நிற்கவில்லை. கல்லில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்கென்று தனி வாசகம்: ‘கோவிவன் என்னும் நாய் ஒரு கள்ளனைக் கடித்துக் காத்திருந்தவாறு.’ ஓர் எழுத்து வெட்டவும் உளி எத்தனை முறை இறங்க வேண்டும் என்று கல்தச்சரான நம் உறுப்பினர் எழுந்து சொன்னபோது அரங்கம் அமைதியாகிவிட்டது. அந்த உழைப்பை நாயின் பெயருக்கும் கொடுத்திருக்கிறார்கள். கடித்தது என்று மட்டும் எழுதியிருக்கலாம். ‘காத்திருந்தவாறு’ என்று எழுதினார்கள். எசமானன் விழுந்த பிறகும் அது அங்கேயே நின்றது என்றுதான் எனக்குப் படுகிறது.

நினைவு எப்படி நிலைக்கிறது என்பது அடுத்த கேள்வி. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று தொல்காப்பியம் ஆறு படிகள் சொல்கிறது. கல்லைத் தேர்ந்து, நட நாள்கொண்டு, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்த வேண்டும். சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்குக் கல் எடுக்கும் காதைகளின் பெயர்களும் பெரும்பாலும் இவையே. ஆறில் கல் நடுவது நாலாவது படிதான் என்பதைக் கவனிக்க வேண்டும். நட்டபின் பீலி சூட்டி, கள் படைத்து, தொடர்ந்து வந்து வணங்கினால்தான் அது நடுகல். அதியமான் இறந்தபின் ஔவை அழுவதும் இதை வைத்துத்தான்: மலை சூழ்ந்த நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், நடுகல்லில் பீலி சூட்டிச் சிறுகலத்தில் ஊற்றும் கள்ளை ஏற்பானோ என்று கேட்கிறாள். அந்தச் சடங்கு அவளுக்கே போதாமல் இருந்திருக்கிறது. இந்தப் பாட்டை வாசித்த அன்று வேறு எதையும் பேச முடியாமல் கலைந்தோம்.

களப்பணி பற்றியும் சொல்ல வேண்டும். மார்கழியில் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வேடியப்பன் கோயிலுக்குப் போனோம். நம் பகுதியில் வேடியப்பன் என்று கும்பிடும் கற்களில் பல, நடுகற்கள்தான். அந்தக் கல்லில் வில்லேந்திய உருவம் தெளிவாகத் தெரிந்தது. எழுத்துள்ள மேற்பகுதியில் பல்லாண்டு எண்ணெய்ப் பிசுக்கு. அதன் மேல் பச்சை எனாமல் பெயின்ட். காலை ஏழு மணிக்கு வெயில் பக்கவாட்டில் விழுந்தபோது கடைசி வரி மட்டும் நிழல் கட்டித் தெரிந்தது: ‘பட்டான் கல்’.

மைப்படி எடுக்க முயன்றபோது ஒரு தவறு நடந்தது. கல்லை நீரும் மென்மையான தூரிகையும் கொண்டு கழுவி, ஈரத்தாளை ஒட்டி, எழுத்துப் பள்ளத்தில் தாள் படியும்படி தட்டி, பிறகுதான் மை ஒற்ற வேண்டும். அவசரத்தில் ஓரிடத்தில் கம்பித் தூரிகை பட்டுக் கீறல் விழுந்துவிட்டது. பொறுப்பாளர் என்ற முறையில் தவறு என்னுடையது. கிராமத்தாரிடம் அன்றே வருத்தம் தெரிவித்தோம். இனிமேல் பயிற்சி இல்லாத யாரும் கல்லைத் தொடுவதில்லை. அனுபவமுள்ள கல்வெட்டு அறிஞர் ஒருவர் இல்லாமல் மைப்படி எடுப்பதும் இல்லை என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

அன்று பூசை வைக்க வந்த மூதாட்டி ஒருவர், ‘சாமி பேர் என்ன என்று எழுதியிருக்கிறது தம்பி?’ என்று கேட்டார். பெயர் இருக்கும் வரி பெயின்டுக்கு அடியில் இருக்கிறது, கடைசி இரண்டு சொல்லைத்தான் படிக்க முடிந்தது என்றேன். அதையாவது சொல்லச் சொன்னார். ‘பட்டான் கல்’ என்றதும் தாமும் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த செவ்வரளியைக் கல்லின் தலையில் வைத்தார்.

பெயின்டை முறைப்படி அகற்றுவதற்கு ஊராரின் சம்மதமும் தொல்லியல் துறையின் அனுமதியும் கேட்டு எழுதியிருக்கிறோம். ஊரார் சம்மதித்துவிட்டார்கள். அனுமதி வந்ததும் உறுப்பினர்களுக்கு நாள் தெரிவிக்கப்படும்.

இப்படிக்கு,
செயலாளர்