உன் பெரியப்பா ஏன் ஒரே ராத்திரியில மாறணும்?

செல்வி,

உன் நாவல் டிராஃப்ட் படிச்சு முடிச்சாச்சுடி. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் ஆகி நல்லா இருக்காங்க, சொட்டு மருந்து விடுற வேலை என்னோடது, அந்த கேப்லதான் படிச்சேன். முதல் பாதி அப்படியே இழுத்துட்டுப் போகுது. ஆனா பதினெட்டாவது அத்தியாயத்துல பெரியப்பா ஒரே ராத்திரியில ஜாதியை உதறிட்டு ஒரு பேச்சு பேசுறாரே, அத என்னால நம்ப முடியல. அந்த அத்தியாயத்த உருவிட்டு முன்னாடி இருக்குற பதினேழையும் படிச்சுப் பாரு, ஒரு வரி கூட மாத்த வேண்டியிருக்காது. சிக்கலே அதான்.

மார்க் ட்வைனோட ஹக்கிள்பெரி ஃபின்ன திரும்ப எடுத்துப் பாரேன். ஹக் அடிமை முறை இருந்த ஊர்ல வளந்த பையன், தப்பிச்சு வந்த ஜிம்மோட ஒரே தெப்பத்துல போறான். முதல்ல விளையாட்டுக்கு செத்த பாம்ப ஜிம் போர்வைல வைக்கிறான், அதோட ஜோடி வந்து ஜிம்மைக் கடிச்சுடுது, இவன் தன் வேலைதான்னு சொல்லாம பாம்புகளைத் தூக்கி புதர்ல வீசிட்டு கமுக்கமா இருந்துடுறான். அப்புறம் மூடுபனில பிரிஞ்சு போய்ட்டு வந்து, அதெல்லாம் உன் கனவுன்னு ஜிம்மை ஏமாத்துறான். ஜிம் மனசு நொந்து நாலு வார்த்த சொன்னதும் மன்னிப்பு கேக்குறான், ஆனா அதுக்கு மனசு வர அவனுக்கு 15 நிமிஷம் ஆகுது. எனக்கு அந்த 15 நிமிஷம்தான் பிடிக்கும், சட்டுனு கேட்டிருந்தா அவன் யார்னே தெரிஞ்சிருக்காது.

இதுக்கு அடுத்த அத்தியாயத்துலயே ஜிம்மைக் காட்டிக்குடுக்கணும்னு படகுல கெளம்புறான் பாரு! துப்பாக்கியோட ரெண்டு பேர் எதிர்ல வந்து கேக்குறப்போ வாய் வரல, தெப்பத்துல இருக்கறது வெள்ளைக்காரன்தான்னு சொல்லி, அங்க அவன் அப்பாவுக்கு பெரியம்மைன்னு அவங்களே நினைச்சு ஓடுற மாதிரி பண்ணிடுறான். அதுக்கப்புறமும் தான் செஞ்சது தப்புன்னுதான் நினைக்கிறான். கடைசியில காட்டிக்குடுக்க எழுதின லெட்டரைக் கிழிக்கிறப்போ கூட அடிமை முறை தப்புன்னு சொல்லல, சரி நான் நரகத்துக்கே போறேன்னுதான் சொல்றான். அதாவது கை முந்திக்குது, நம்பிக்கை அங்கயேதான் நிக்குது. அடுத்த அத்தியாயத்துலயே கப்பல்ல இன்ஜின் சிலிண்டரோட மூடி வெடிச்சதா ஒரு கதை விடுறான், யாருக்காவது அடியான்னு கேட்டா இல்ல, ஒரு கறுப்பன் செத்தான்னு சாதாரணமா சொல்றான். பழைய நாக்கு அவ்ளோ சீக்கிரம் போகாதுல்ல.

உன் பெரியப்பாவுக்கும் இதே மாதிரி பண்ணு. அஞ்சாவதுல மழைக்கு மாரிய திண்ணையில உக்காரச் சொல்லட்டும், அவன் போனதும் அவரே தண்ணி ஊத்திக் கழுவட்டும். ஒம்போதாவதுல கழுவ மறந்துடட்டும், பெரியம்மா கழுவறத பாத்தும் ஒண்ணும் சொல்ல வேணாம். பதினாலுல அவ கழுவப் போனா சும்மா இருடின்னு எரிஞ்சு விழட்டும், ஏன்னு கேட்டா முட்டி வலிக்குதுன்னு நீதானே சொன்னேன்னு மழுப்பட்டும். அப்புறம் பொண்ணு கல்யாணத்துல மாரிய பந்தியில உக்கார வைக்காம பின்னாடி அனுப்பிடட்டும், வாசகருக்கு கடுப்பாகும், ஆகட்டும். இவ்ளோ வந்தப்புறம் அந்தப் பேச்சே தேவைப்படாதுன்னு நினைக்கிறேன், வேணும்னா ரெண்டு வரியா சுருக்கு.

பதினாலாவது எழுதினதும் அத மட்டும் முதல்ல அனுப்பு, பொங்கலுக்கு முன்னாடி முடிஞ்சா இன்னும் நல்லது.

வசந்தி