பத்திர எழுத்தர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

2012-இல் நானும் என் கணவரும் வீடு வாங்கியபோது, பத்திரம் எழுதியவர் இரண்டு பெயரையும் தட்டச்சு செய்துவிட்டு, "ஜாயிண்ட்டா இருக்கும்மா, நாளைக்கு ஒருத்தர் இல்லேன்னாலும் இன்னொருத்தருக்கு வந்துடும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நாங்களும் அதை நம்பி உயில் எழுதவில்லை.

என் கணவர் தவறிய பிறகு வங்கிக்குப் போனேன். எங்கள் கணக்கு "ஐதர் ஆர் சர்வைவர்" முறையில் இருந்தது. இறப்புச் சான்றிதழைக் கொடுத்தேன், அவர் பெயரை நீக்கினார்கள், பணத்தை எடுக்க முடிந்தது. வீடும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

வீட்டை விற்கப் போனபோதுதான் தெரிந்தது. வாங்க வந்தவரின் வக்கீல் பத்திரத்தைப் படித்துவிட்டு, "உங்க பாதி உங்களுடையது. அவர் பாதிக்கு வாரிசுகள் யார் யார்?" என்று கேட்டார். பங்கு குறிப்பிடாத கூட்டுப் பத்திரத்தில் ஆளுக்குப் பாதி என்று எடுத்துக்கொள்வார்கள். இறந்தவரின் பாதி துணைக்குத் தானாக வந்துவிடாது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், அவருடைய அம்மா ஆகியோர் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். (கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் பங்குக் கணக்கு வேறு.)

வீட்டை 24 பங்காக வைத்துக்கொள்ளுங்கள். 12 என்னுடையது. அவருடைய 12-இல் எனக்கும் மகனுக்கும் மகளுக்கும் மாமியாருக்கும் தலா 3. மாமியார், தன் மகன் போன துக்கத்திலேயே 14 மாதத்தில் போய்விட்டார். மாமனார் முன்பே இல்லை. மாமியாரின் 3-இல் ஒன்று என் பிள்ளைகளுக்கு, மற்ற இரண்டும் என் இரண்டு நாத்தனார்களுக்கு. ஆக, எங்கள் வீட்டில் ஆளுக்கு 24-இல் ஒரு பங்குள்ள உரிமையாளர்கள் அவர்கள்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. சின்ன நாத்தனார் போனிலேயே அழுதுவிட்டாள். "அண்ணி, எனக்கு எதுவும் வேணாம், எங்கே கையெழுத்து போடணும்னு சொல்லுங்க" என்றாள். அவள் இருப்பது துபாயில். பெரியவர் வீட்டில் மாப்பிள்ளை யோசிக்கலாம் என்றார். கணவர், மாமியார் இருவருக்கும் வாரிசுச் சான்றிதழ், அப்புறம் துபாயிலிருந்து பவர், விடுதலைப் பத்திரம் எல்லாம் முடிவதற்குள் வாங்க வந்தவர் வேறு வீடு பார்த்துவிட்டார்.

உங்களிடம் கேட்பது இதுதான். கணவன் மனைவி பெயரில் கிரயப் பத்திரம் எழுதும் அன்றே, "இதனால் மற்றவர் பாதி உங்களுக்குத் தானாக வராது" என்று இருவரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். என் பாதி துணைக்கே என்று ஆளுக்கொரு உயில் எழுதச் சொல்லுங்கள். முத்திரைத்தாள் தேவையில்லை, பங்கு பெறாத இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, அந்தச் சாட்சிகளும் கையெழுத்திட்டால் போதும். பதிவு கட்டாயமில்லை என்றாலும், அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பின்னால் சந்தேகம் குறையும். அந்த உயில்களையும் நீங்களே எழுதிக் கொடுங்கள்.