மருந்தை மாற்றிய பிறகு குழந்தைக்குப் பார்க்கலாம், கயல்

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய சர்க்கரை நோய் ரிப்போர்ட்டையும் மாத்திரை அட்டைகளின் படங்களையும் பார்த்தேன். குழந்தைக்குத் தயாராகிறோம் என்று நீ சொன்னதில் எனக்கும் அப்பாவுக்கும் ரொம்பச் சந்தோஷம். ஆனால் இத்தனை வருஷம் நர்ஸாக வார்டில் நின்றவள் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இன்னும் மூன்று நான்கு மாதம் கருத்தடையை விடாதே.

காரணம் இதுதான். நாள் தள்ளிப்போவது தெரிந்து, டெஸ்ட் செய்து, டாக்டரைப் பார்ப்பதற்குள் ஆறு ஏழு வாரம் ஆகிவிடும். அதற்குள் குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் குழாய் மூடியிருக்கும், இதயமும் வடிவெடுக்கத் தொடங்கியிருக்கும். அந்த வாரங்களில் சர்க்கரை அதிகமாக இருந்தால்தான் பிறவிக் குறைகளும் கருச்சிதைவும் கூடுகின்றன. அப்புறம் குறைத்தாலும் அந்த வாரங்கள் திரும்பி வராது.

உன் ஹெச்பிஏ1சி 8.2. அடிக்கடி லோ சுகர் வராமல் அதை 6.5-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். அது இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரி என்பதால் அவசரப்படுத்த முடியாது. இன்னொன்று, உன் ஹீமோகுளோபின் 9.4 என்று இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவில் ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். இரும்பு மாத்திரை எடுக்க எடுக்க, சர்க்கரை மாறாமலே அந்த எண் இறங்கவும் கூடும். அதனால் அதை மட்டும் நம்பாமல் குளுக்கோமீட்டரில் பார்த்துக் குறித்து வை. கருவுற்ற பிறகு வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குள், இரண்டு மணி நேரத்தில் 120-க்குள் இருக்கச் சொல்வார்கள். இப்போது உனக்குக் காலையில் 150, இட்லி சாப்பிட்ட பிறகு 220. இப்போதிருந்தே அந்த அளவை நோக்கி மெதுவாக இறங்கு.

மெதுவாக என்பது கண்ணுக்காகவும்தான். விழித்திரையில் ஏற்கனவே பாதிப்பு இருந்தால், சர்க்கரையை மளமளவென்று குறைக்கும்போது அது மோசமாகலாம். சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கும் சோதனையை முதலில் முடித்துவிடு. சிறுநீரில் அல்புமின், கிரியாட்டினின், தைராய்டு மூன்றும் அதே வாரத்தில் பார்த்துவிடலாம்.

இனி மாத்திரைகள். உன் சர்க்கரை மாத்திரை கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த ஒரே மாத்திரை. மெட்ஃபார்மினைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். கிளிமிபிரைடுக்குப் பதில் இன்சுலின். சேர்ந்த மாத்திரையில் ஒன்றை மட்டும் நிறுத்த வழியில்லை, எனவே தனி மெட்ஃபார்மினாக எழுதித் தரச் சொல். ஊசி என்றதும் வியாதி முற்றிவிட்டது என்று நினைக்காதே. இன்சுலின் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போவதில்லை என்றே சொல்லலாம், அதனால்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறோம்.

பிரஷருக்கு நீ போடும் டெல்மிசார்டான் வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. கருத்தடையை விடும் முன்பே அதை லாபெட்டலால் அல்லது நிஃபெடிபினுக்கு மாற்றி, பிரஷர் சரியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கொலஸ்ட்ராலுக்கான அட்டோர்வாஸ்டாட்டினையும் அப்போதே நிறுத்தச் சொல்வார்கள். எதையும் நீயாக நிறுத்தாதே. வரிசையாக ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் காட்டு.

ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் வேண்டும் என்றும் கேள். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சாதாரண அளவைவிடக் கூடுதலாகத் தருவார்கள். அரசு மருத்துவமனை இரும்பு மாத்திரையிலும் அது இருக்கிறது, ஆனால் அரை மில்லிகிராம்தான். கருவுறுவதற்கு ஒரு மாதமாவது முன்பு தொடங்கி 12 வாரம் வரை தினமும் போடு.

இன்சுலின் ஆரம்பித்ததும் லோ சுகர் வரலாம், கருவுற்ற முதல் மாதங்களில் இன்னும் எளிதாக வரும். நடுக்கம், வியர்வை, படபடப்பு என்றால் மீட்டரில் பார். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷத்தில் மறுபடி பார். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மாப்பிள்ளைக்கும் இதைச் சொல்லிக் கொடு. நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

இதற்கிடையில் நாள் தள்ளிவிட்டால் பயந்துகொண்டு சர்க்கரை மாத்திரையை விட்டுவிடாதே, சர்க்கரை ஏறுவது அதைவிடக் கெடுதல். அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டு, டெல்மிசார்டானையும் அட்டோர்வாஸ்டாட்டினையும் போட்டுக்கொண்டிருப்பதை முதலில் சொல். எனக்கும் போன் பண்ணு, எந்த நேரமானாலும் சரி.

அன்புடன்,
அம்மா