வெண்பாவுக்கு ஒரு முதலெழுத்து

அன்புள்ள ராமு,

உன் கடிதமும் கவிதைக் கட்டும் போன வாரம் வந்து சேர்ந்தன. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே பெரியவனுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றலாகிவிட்டது. வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. அச்சகத்துக்கும் இப்போது காலையில் மட்டும்தான் போகிறேன். அதனால் உன் கவிதைகளை அவசரமில்லாமல் படிக்க முடிந்தது. வெண்பாக்களை இரண்டாவது தடவை வாய்விட்டே படித்தேன். ஓசை எங்கும் தட்டவில்லை.

ஒவ்வொரு கவிதையும் கொடி சுற்றிய பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்கிறாய். செல்வி வரைந்து அனுப்பிய மாதிரியையும் பார்த்தேன். அந்தக் கொடியில் இலைகள் ஒன்றின் பின்னால் ஒன்று மறையும் விதம் அருமை. கட்டாயம் புத்தகத்தில் வரவேண்டும். ஆனால் எல்லாக் கவிதைக்கும் வேண்டாம். வெண்பாக்களுக்கு மட்டும் வைப்போம். ஏன் என்று சொல்கிறேன்.

உன் புதுக்கவிதை ஒன்றில் முதல் அடி ‘மழை’ என்ற ஒரே சொல். இரண்டாம் அடி நீளம், அப்புறம் ஒரு வரி இடைவெளி. அங்கே மூன்று வரி உயரத்துக்கு ‘ம’ வைத்தால், மேல் வரியில் ‘ழை’ மட்டும் தனியாக நிற்கும். எழுத்தும் கொடியும் அடங்கிய பெட்டியின் அடிப்பகுதி நீ வேண்டுமென்றே விட்ட இடைவெளிக்குள் இறங்கிவிடும். உரைநடையில் இது தெரியாது. அங்கே வரி எங்கே உடைகிறது என்பது யாருக்கும் பொருட்டில்லை. புதுக்கவிதையில் வரி உடையும் இடம்தான் கவிதை. அதைத் தள்ளி வைக்க ஓர் அலங்காரத்துக்கு உரிமை கிடையாது.

உன் நேரிசை வெண்பா அப்படியில்லை. நான்கு அடி என்பது நிச்சயம். முதல் மூன்றில் நான்கு சீர், கடைசியில் மூன்று. குட்டையான முதல் அடி வரவே வராது. ஆனால் மென்பொருளில் டிராப் கேப் என்று தட்டி, எல்லாரும் போடுகிற மூன்று வரி உயரத்தைக் கொடுத்தால் இதுவும் கெடும். முதல் மூன்று அடிகள் வலப்புறம் நகரும், நான்காவது மட்டும் இடது ஓரத்துக்குத் திரும்பிவிடும். ஈற்றடி ஏதோ வேறு பாட்டு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். எதுகை ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்குவதைக் கண் பார்க்க வேண்டிய இடம் அது. அதனால் முதலெழுத்தின் உயரம் சரியாக நான்கு வரியாக இருக்க வேண்டும். நான்கு அடியும் சேர்ந்து நகரும், எதுகைக்கோடு நேராகவே இருக்கும். முதல் அடியில் மட்டும் எதுகை எழுத்து ஓரெழுத்து இடப்பக்கம் விழும். முதலெழுத்து பெட்டிக்குள் போய்விட்டதே, அதைத் தவிர்க்க முடியாது. அச்சு எடுத்துப் பார்த்தேன், உறுத்தவில்லை.

இப்போது அளவு. உன் ‘மாலை’ வெண்பாவையே எடுத்துக்கொள்வோம். எழுத்து 12 பாயின்ட், வரிக்கு வரி 18 பாயின்ட். நான் எடுத்திருக்கும் எழுத்துருவில் ‘ப’வின் உயரம் ஏறக்குறைய 7 பாயின்ட். பெட்டியின் மேல்விளிம்பு முதல் வரி ‘ப’வின் தலையோடும், கீழ்விளிம்பு நான்காம் வரி ‘ப’வின் அடியோடும் சேர வேண்டும். கொம்பு, கால், விசிறி எதையும் கணக்கில் எடுக்காதே, ‘ப’ மட்டும்தான் அளவுகோல். மூன்று வரி இடைவெளி 54, அதோடு 7. ஆக 61 பாயின்ட், இருபத்தொன்றரை மில்லிமீட்டர். இதில் ஒரு பாயின்ட் பிசகினாலும் பெட்டி தொங்குவது போலத் தெரியும்.

பெட்டிக்குள் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? செல்வியின் மாதிரியில் ‘ப’ பெட்டியை முழுக்க அடைத்திருக்கிறது. பார்க்க அழகு. ஆனால் அதே அளவில் ‘பூ’ வந்தால் வால் பெட்டிக்குக் கீழே போகும். ‘மீ’ வந்தால் சுழி மேலே முட்டும். ஒவ்வொன்றையும் அடங்கும் அளவுக்குச் சுருக்கினால், பக்கத்துக்குப் பக்கம் எழுத்து பெருத்தும் சிறுத்தும் தெரியும். எனவே எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வைக்கலாம். பெட்டியின் நடுப்பாதி எழுத்தின் உடலுக்கு, மேல் கால்பங்கு சுழிக்கு, கீழ்க் கால்பங்கு வாலுக்கு. உடல் சுமார் 30 பாயின்ட் உயரம் வர, எழுத்தை 51 பாயின்ட்டில் அடுக்கினால் போதும். ‘ப’, ‘ம’ மாதிரி சுழியும் வாலும் இல்லாத எழுத்துகளுக்கு மேலும் கீழும் வெற்றிடம் கிடைக்கும். கொடிக்கு உரிய இடம் அதுதான். ‘ப’வின் மேல்பக்கம் திறந்தே இருக்கிறது. அதற்குள் ஓர் இளந்தளிர் எட்டிப் பார்க்கட்டும். ‘பூ’வுக்கு மேலே மட்டும் இலை, ‘மீ’க்குக் கீழே மட்டும்.

இதற்காகச் செல்வி ஒவ்வொரு எழுத்தாக வரைய வேண்டாம். எழுத்து தனி, கொடி தனி. புது யோசனை இல்லை இது. 1457இல் மைன்ஸ் நகரத்தில் ஃபுஸ்ட்டும் ஷோஃபரும் அச்சிட்ட பைபிள் சங்கீதப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதற்கு முன் அச்சடித்தவர்கள் முதலெழுத்துக்கு வெற்றிடம் விட்டுவிடுவார்கள், பிறகு ஆள் வைத்துக் கையால் வரைந்து நிரப்புவார்கள். இவர்கள் எழுத்துக்கு ஓர் அச்சு, அதைச் சுற்றிய பூவேலைக்கு வேறோர் அச்சு என்று செய்தார்கள். ஒன்றில் சிவப்பு மை, மற்றதில் நீலம். அந்த இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்தி அச்சிட்டதில் நிறங்கள் விலகாமல் விழுந்தன. முதல் பக்கத்தின் பெரிய ‘B’யின் படத்தைப் பார்த்தால், கையால் வரையவில்லை என்று நம்ப மனம் வராது. பாட்டுப் புத்தகத்துக்கென்றே பிறந்த வேலை என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

நமக்கும் அதே வழிதான். செல்வி ஐந்தாறு கொடிச் சட்டங்கள் வரைந்தால் போதும்: மேலும் கீழும் நிறைந்தது, மேலே மட்டும் நிறைந்தது, கீழே மட்டும் நிறைந்தது, அப்புறம் இவற்றின் அகலமான வடிவங்கள். எழுத்தை நான் எழுத்துருவிலிருந்தே எடுத்து மேலே வைத்துக்கொள்கிறேன். அதன் அடியில் அதே எழுத்தின் தடித்த வெள்ளை நகல் ஒன்று இருக்கும். கொடி எழுத்தைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடும். எழுத்து படமாகாமல் எழுத்தாகவே இருப்பதில் இன்னொரு லாபம் உண்டு. நாளைக்கு மின்னூல் போட்டால் ‘மாலை’ என்று தேடுபவருக்கு அது கிடைக்கும். படமாக வைத்தால் ‘லை’ மட்டும்தான் மிஞ்சும்.

எந்த எழுத்துகள் தேவைப்படும் என்று பட்டியல் போட்டபோது ஒன்று கவனித்தேன். நம் இலக்கணம் இந்த வேலையைப் பாதி குறைத்துவிடுகிறது. நன்னூல் சொல்கிற மொழிமுதல் எழுத்துகள் மொத்தம் 103தான். பன்னிரண்டு உயிர், க ச த ந ப ம ஆகியவற்றில் எல்லா உயிர்மெய்யும், வ ய ஞ ங ஆகியவற்றில் சில. வாலை நீட்டித் தொல்லை கொடுக்கும் ‘ற’ வராது, ‘ழ’ வராது. மெய்யெழுத்தும் முதலில் வராது, ஆகவே புள்ளிக்கு மேலே இடம் விட வேண்டியதில்லை. உன் வெண்பாக்களில் ஒன்றுகூட இந்த வரம்பைத் தாண்டவில்லை.

தொல்லை எல்லாம் அகலத்தில்தான். உன் ‘மாலை’யில் முதலெழுத்து ‘மா’. மென்பொருளின் டிராப் கேப்பில் எழுத்து எண்ணிக்கை 1 என்று விட்டால், ‘ம’ மட்டும் பெரிதாகிக் கால் தனியாகச் சிறியதாக நிற்கும். எண்ணிக்கையை 2 ஆக்கினால்தான் முழு எழுத்தும் வரும். சில கடைகளில் இதைக் கவனிக்காமல் விட்டு, ‘கொ’ என்ற எழுத்தைத் துண்டு துண்டாக்கி அச்சேற்றியதை நானே பார்த்திருக்கிறேன். காலை மட்டும் சிறியதாக விட்டால் என்ன என்று கேட்காதே. ‘மா’ முழுவதும் ஓரெழுத்து. பாதியைப் பெரிதாக்கினால் வாசகன் ‘ம’ என்று தொடங்கித் திரும்பி வர வேண்டும்.

51 பாயின்ட்டில் ‘மா’ சதுரப் பெட்டிக்குள் அடங்காது. அதற்குத்தான் அகலச் சட்டம், ஒன்றரை மடங்கு, 92 பாயின்ட். பெட்டிக்கும் அடிக்கும் நடுவே 8 பாயின்ட் விட்டால் ஆக மொத்தம் 100. டெம்மி அளவில் எழுத்துப் பரப்பின் அகலம் நான்கு அங்குலம், அதாவது 288. மிச்சம் 188. நேரிசை வெண்பாவில் பெரும்பாலும் நீளமாக வருவது இரண்டாம் அடி, தனிச்சொல்லும் அதற்கு முன்னால் சிறுகோடும் இருப்பதால். உன் ‘மாலை’யின் இரண்டாம் அடியை அடுக்கி அளந்தேன், 181. தப்பித்தோம். இதைவிட நீளமான அடி வந்தால் மடங்கிவிடும். மடங்கிய வெண்பா அடி எனக்கு ஆகாது. அங்கே பெட்டியைப் பாட்டின் இடப்பக்க ஓரத்துக்கு வெளியே கொஞ்சம் தள்ளி வைப்பேன்.

முதல் அடியின் மிச்ச எழுத்துகள், அதாவது ‘லை’, பெட்டியை ஒட்டியே தொடங்கட்டும். மற்ற மூன்று அடிக்கு முழு 8 பாயின்ட், இதற்கு மட்டும் 4. ஆங்கிலத்தில் முதல் சொல்லின் மிச்சத்தைச் சிறிய தலைப்பெழுத்துகளில் போட்டுப் பெரிய எழுத்தோடு இணைப்பார்கள். தமிழில் அந்த வசதி இல்லை. தடித்த எழுத்தில் போட்டுப் பார்த்தேன், கறுப்புத் திட்டாக உறுத்தியது. நெருக்கி வைப்பதே போதும்.

செல்விக்கு ஒரு விஷயம் மட்டும் அழுத்திச் சொல். கொடியை A4 தாளில் பெரிதாக வரைந்திருக்கிறாள். அது இருபத்தொன்றரை மில்லிமீட்டருக்குச் சுருங்கும்போது அழகான மெல்லிய கோடுகள்தான் முதலில் சாகும். சுருங்கிய பிறகும் கோடு அரைப் பாயின்ட்டுக்குக் குறையக் கூடாது. கறுப்புக்குள் வெள்ளைக் கோடு விட்டால் இன்னும் தடிமன் வேண்டும். மேப்லித்தோ தாள் மையை உறிஞ்சும், வெள்ளைக் கோடு அடைபட்டுவிடும். சாம்பல் நிறத்தில் நிழல் போடவும் வேண்டாம். ஒரே கறுப்பு மையில் சாம்பல் என்றால் புள்ளிகள்தான். மெல்லிய இலை நுனி அந்தப் புள்ளிகளில் உடைந்து ரம்பப்பல் மாதிரி ஆகிவிடும். நிழல் வேண்டுமானால் கோடுகளை நெருக்கி வரையட்டும்.

சரியாக வந்ததா என்று தெரிந்துகொள்ள, அச்சாகப் போகும் அதே தாளில், அதே அளவில் ஒரு பக்கம் எடுத்து, கையெட்டும் தூரத்தில் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். பக்கத்தில் பெட்டி ஓர் ஓட்டை போலக் கறுத்துத் தெரிந்தால் கொடி அடர்த்தி அதிகம், இலைகளைக் குறைக்க வேண்டும். எழுத்தே தெரியாமல் கொடி மட்டும் தெரிந்தால் வெள்ளை நகலின் தடிமன் போதவில்லை. அவளுடைய மாதிரியை அப்படித்தான் எடுத்துப் பார்த்தேன். கொஞ்சம் கறுப்பு அதிகம்தான். கீழ்ப்பக்கத்துச் சுருள் இரண்டை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

பிரதியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், பென்சிலில் குறித்திருக்கிறது. சட்டங்களை அவள் கறுப்பு மையில் வரைந்து ஸ்கேன் செய்து அனுப்பட்டும், 61க்கு 61 சதுரமும் 92க்கு 61 அகலமும். நாலு மடங்கு பெரிதாக வரைந்தால் போதும், அதற்கு மேல் வேண்டாம். ‘மாலை’யில் மூன்றாம் அடியின் இரண்டாம் சீரை மாற்றப்போவதாக எழுதியிருந்தாயே, அதை முடிவு செய்துவிட்டுச் சொல். அதற்குப் பிறகுதான் பக்கம் கட்டுவேன். தங்கச்சியைக் கண்ணுக்கு மருந்து விடாமல் போடச் சொல்.

அன்புடன்,
முத்து